இரட்டை ஒலித்தட நிகழ்படம்

இரட்டை ஒலித்தட நிகழ்படம் என்பது ஒரே காட்சித் தடத்துடன் இரு வேறு மொழிகளிலான ஒலித்தடங்களைத் தன்னகத்தே கொண்ட நிகழ்படக் கோப்பு ஆகும். பார்ப்பவர் படத்தை நிறுத்தாமலேயே தமிழிலிருந்து ஆங்கிலத்திற்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழிற்கும் மாறிக்கொள்ளலாம். இரண்டு ஒலிகளும் ஒன்றுடன் ஒன்று கலக்கப்படுவதில்லை. அவை கோப்பினுள் தனித்தனியே கிடக்கின்றன. இயக்கி மென்பொருள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே எடுத்து ஒலிக்கச் செய்கிறது.

பின்னணி

ஒளிக்குறுவட்டில் படம் வெளிவந்த காலத்தில் இதற்கு ஒரு குறுக்கு வழி இருந்தது. இடப்பக்க ஒலிபெருக்கிக்கு ஒரு மொழியும் வலப்பக்க ஒலிபெருக்கிக்கு மற்றொரு மொழியும் பதிந்து விற்றனர். பார்ப்பவர் ஒரு பக்கத்தை அணைத்துவிட வேண்டும்; மறந்துவிட்டால் இருவர் ஒரே நேரத்தில் பேசுவர். டிவிடி வடிவம் இந்தத் தொல்லையைப் போக்கியது. அதில் ஒரு படத்திற்கு 8 ஒலித்தடங்கள் வரை வைக்க இயலும். எண்ணிம ஒளிபரப்பிலும் இதே முறை பின்பற்றப்படுகிறது. டிஸ்கவரி, கார்ட்டூன் நெட்வொர்க் போன்ற அலைவரிசைகளைத் தமிழ்நாட்டு வீடுகளில் டி.டி.எச். பெட்டியின் மொழித் தெரிவைக் கொண்டு தமிழில் கேட்க முடிந்தது இதனாலேயே. கணினிக் கோப்புகளில் மட்ரோஸ்கா, எம்பி4 ஆகிய இரு கொள்கலன் வடிவங்கள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. கொள்கலன் என்பது காட்சி, ஒலி, துணையுரை முதலியவற்றை ஒரே கோப்பில் அடுக்கி, எது எந்த நொடியில் இயங்க வேண்டும் என்ற நேரக்குறிப்பையும் சேர்த்து வைக்கும் பெட்டி போன்றது.

ஓர் எடுத்துக்காட்டு

செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலையை ஒட்டி ஏராளமான தொழிற்சாலைகள் அமைந்துள்ளன. 2010இல் தொடங்கப்பட்ட ரெனோ-நிசான் கார் ஆலையும் 2012இல் தொடங்கப்பட்ட டைம்லர் சரக்குந்து ஆலையும் அவற்றுள் அடங்கும். இத்தகைய பகுதியில் ஒரே பயிற்சி அறையில் தமிழ் வழியில் படித்த ஐ.டி.ஐ. மாணவரும், தமிழ் அறியாத பிற மாநிலப் பணியாளரும், வெளிநாட்டுப் பொறியாளரும் அமர்ந்திருப்பது இயல்பு. இங்குள்ள ஏதேனும் ஓர் ஆலைக்கு 10 நிமிட ஆங்கிலப் பாதுகாப்புப் படம் ஒன்று வந்துள்ளதாகக் கொள்வோம். பழுது பார்க்கும் முன் அழுத்து எந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டித்து, அதன் சுவிட்சில் பூட்டுப் போடும் முறையை அப்படம் விளக்குகிறது. இதற்குத் தமிழ் ஒலி சேர்க்க வேண்டும்.

முதலில் எழும் கேள்வி, ஏன் இரண்டு கோப்புகளாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதாகும். காட்சிக்கு நொடிக்கு 2 மெகாபிட்டும் ஒவ்வொரு ஒலிக்கும் நொடிக்கு 128 கிலோபிட்டும் ஒதுக்கினால், 10 நிமிடக் காட்சி 150 மெகாபைட்டும் ஒலித்தடம் 9.6 மெகாபைட்டும் பிடிக்கும். இரு கோப்புகள் சேர்ந்து ஏறத்தாழ 319 மெகாபைட்டாகும். இரட்டை ஒலித்தடக் கோப்பு 169 மெகாபைட்டில் அடங்கிவிடும். எனினும் இடச் சிக்கனத்தைவிட முக்கியமான காரணம் வேறு உண்டு. படத்தில் ஒரு திருத்தம் செய்தால் இரு கோப்புகளிலும் செய்தாக வேண்டும். ஒன்றில் செய்து மற்றொன்றில் விட்டுவிட்டால், தமிழில் பார்ப்பவர் பழைய முறையையே கற்றுக்கொண்டிருப்பார்.

தமிழ் ஒலி தயாரித்தல்

ஒரே காட்சியை இரு மொழிகளும் பகிர்ந்துகொள்வதால், தமிழுக்காகக் காட்சியை நீட்ட இயலாது. 'லாக் தி ஐசொலேட்டர்' என்று ஆங்கிலத்தில் ஒன்றரை நொடியில் சொல்லி முடிப்பதை, 'மெயின் சுவிட்சை அணைத்து, அதில் உங்கள் பூட்டைப் போடுங்கள்' என்று தமிழில் சொல்ல இரு மடங்கு நேரம் தேவைப்படலாம். வேகமாகப் படித்து நிரப்ப முயன்றால் கேட்பவருக்குப் புரியாது. எனவே தமிழ் உரையைச் சுருக்கி எழுத வேண்டும். கையில் பூட்டு இருப்பதைப் படமே காட்டும்போது 'மெயினை அணைத்துப் பூட்டுங்கள்' என்பதே போதுமானது. படம் இனிமேல்தான் தொகுக்கப்பட உள்ளது என்றால், எந்த மொழி உரை நீளமோ அதற்கேற்பக் காட்சியை வெட்டுவதே சிறந்தது. ஆங்கிலத்திற்கு வெட்டிவிட்டுத் தமிழை அதற்குள் திணிப்பதே பெரும்பாலும் நடக்கிறது.

மற்றொன்று, ஆங்கிலத் தடத்தில் எந்திர ஓசையும் எச்சரிக்கை மணியும் பேச்சுடன் கலந்திருக்கும். தமிழ்ப் பேச்சை மட்டும் பதிந்து இரண்டாம் தடமாக்கினால், மொழி மாற்றியவுடன் எந்திரம் ஊமையாகிவிடும். படத்தைத் தயாரித்தவரிடமிருந்து பேச்சு நீங்கலான இசை, ஓசைத் தடத்தைப் பெற்று, அதன்மேல் தமிழ்ப் பேச்சைக் கலக்க வேண்டும். திரைப்பட மொழிமாற்றத்திலும் இதுவே முறை.

ஒத்திசைவு

இரட்டை ஒலித்தடக் கோப்புகளில் மிகுதியாக நேரும் பிழை, காட்சியும் தமிழ் ஒலியும் பொருந்தாமை. இதில் இரு வகை உண்டு. ஒலி தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அளவு முந்தியோ பிந்தியோ இருப்பது ஒரு வகை. இதைச் சரிசெய்வது எளிது. தடம் முழுவதையும் அந்த அளவு நகர்த்தினால் போதும். ஆனால் இடைவெளி நேரம் செல்லச் செல்ல வளர்ந்தால், காரணம் வேறு.

திரைப்பட முறையில் எடுக்கப்பட்ட படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 23.976 சட்டகங்கள் என்ற வேகத்தில் ஓடுகின்றன. இந்தியாவிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் தொலைக்காட்சிக்கான பால் முறை நொடிக்கு 25 சட்டகங்களைக் கொண்டது. எனவே தொலைக்காட்சிக்கு மாற்றும்போது படத்தைச் சற்று விரைவாக ஓட்டிவிடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. அவ்வாறு மாற்றிய 10 நிமிடப் படம், அதாவது 600 நொடிப் படம், 575.4 நொடிகளில் முடிந்துவிடும். நம் எடுத்துக்காட்டில், குரல் கொடுத்தவர் இந்த 25 சட்டகப் படியைப் பார்த்துத் தமிழ் பேசினார்; ஆலைக்கு வந்ததோ 23.976 சட்டகப் படி. இரண்டையும் சேர்த்தால், 30ஆம் நொடியில் தமிழ் 1.2 நொடி முந்தும். ஐந்தாம் நிமிடத்தில் 12.3 நொடியும் இறுதியில் 24.6 நொடியும் முந்தும்.

தொடக்கத்தை மட்டும் பார்ப்பவர் இதனை முதல் வகைப் பிழை என்று எண்ணி, ஒலியை 1.2 நொடி தள்ளிவைப்பார். முதல் நிமிடம் ஓரளவு பொருந்தும். ஐந்தாம் நிமிடத்திலோ, திரையில் பூட்டு இன்னும் போடப்படாத நிலையில் 'இப்போது கையை உள்ளே நுழைக்கலாம்' என்று குரல் கேட்கும். பொழுதுபோக்குப் படத்தில் இது எரிச்சலூட்டும். இவ்வகைப் படத்தில் தவறான செயல்முறையையே கற்பித்துவிடும். ஆகவே தொடக்கம், நடு, இறுதி என மூன்று இடங்களில் ஒத்திசைவைப் பார்ப்பது கட்டாயம். கதவு மூடுதல், சுத்தியல் அடி போன்று ஓசையும் காட்சியும் ஒரே கணத்தில் நிகழும் இடங்கள் இதற்கு ஏற்றவை.

வளரும் இடைவெளியைத் தீர்க்க, ஒலியின் வேகத்தையே மாற்ற வேண்டும். 23.976ஐ 25ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.959041 கிடைக்கும். எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருளில் இதற்கான கட்டளை:

```
ffmpeg -i tamil.wav -filter:a atempo=0.959041 tamil_sari.wav
```

இது குரலின் சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைக்கும். குரல் கொடுத்தவர் தம் இயல்பான குரலில் பேசியிருப்பதால் இங்கு இதுவே சரி. மாறாக, ஒலியும் படத்துடன் சேர்த்தே விரைவாக ஓட்டப்பட்டிருந்தால் அதன் சுருதியும் ஏறத்தாழ 4.3 விழுக்காடு உயர்ந்திருக்கக்கூடும். பேசுபவர் குரல் சற்றே மெலிந்து கேட்கும். அப்போது வேகத்தையும் சுருதியையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். நொடிக்கு 48,000 மாதிரிகள் கொண்ட ஒலிக்கு அக்கட்டளை:

```
ffmpeg -i tamil.wav -filter:a asetrate=46034,aresample=48000 tamil_sari.wav
```

இணைத்தலும் மொழிக்குறியும்

சரிசெய்த தமிழ் ஒலியை ஆங்கிலப் படத்துடன் கீழ்வருமாறு இணைக்கலாம்.

```
ffmpeg -i padam.mp4 -i tamil_sari.wav \
 -map 0:v -map 1:a -map 0:a \
 -c:v copy -c:a aac -b:a 128k \
 -metadata:s:a:0 language=tam \
 -metadata:s:a:1 language=eng \
 -disposition:a:0 default -disposition:a:1 0 \
 payirchi.mp4
```

இதில் `-map` என்பன எவ்வெத் தடங்கள் எந்த வரிசையில் செல்ல வேண்டும் என்பதைக் குறிக்கின்றன. இவற்றை எழுதாவிட்டால் மென்பொருள் ஒரே ஒரு ஒலித்தடத்தைத் தானாகத் தேர்ந்து மற்றதை விட்டுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. புதிதாகச் செய்வோர் 'இரண்டாம் மொழி காணவில்லை' என்று தேடுவது பெரும்பாலும் இதனால்தான். `-c:v copy` காட்சியை மறுகுறியாக்கம் செய்யாமல் அப்படியே நகலெடுப்பதால் படத்தின் தரம் குறைவதில்லை, வேலையும் விரைவில் முடிகிறது.

`tam`, `eng` என்பன ஐ.எசு.ஓ. 639 தரத்தின் மூன்றெழுத்து மொழிக்குறிகள். இவை இல்லாவிடில் இயக்கியின் பட்டியலில் தடம் 1, தடம் 2 என்று மட்டும் தெரியலாம். பயனர் தம் கருவியில் தமிழை விருப்ப மொழியாக அமைத்திருந்தாலும், குறி இல்லாத தடத்தைத் தமிழ் என்று கருவியால் அறிய இயலாது. கோப்பில் உள்ளவற்றைச் சோதிக்க:

```
ffprobe -v error -select_streams a -show_entries stream=index:stream_tags=language -of csv=p=0 payirchi.mp4
```

`1,tam`, `2,eng` என இரு வரிகள் வந்தால் இரு தடங்களும் குறிகளும் சரியாக உள்ளன. விஎல்சி இயக்கியில் ஒலிப் பட்டியின் வழியாகவோ விசைப்பலகையின் `b` விசையைக் கொண்டோ தடம் மாற்றலாம்.

வரம்புகள்

கோப்பு சரியாக இருந்தும் மொழி மாற்ற இயலாத இடங்கள் உள்ளன. இணைய உலாவிகள் பலவற்றில் இத்தகைய கோப்பை நேரடியாகத் திறந்தால், இயல்புத் தடம் மட்டுமே ஒலிக்கும். மாற்றுவதற்கான பொத்தான் இராது. செய்திப் பரிமாற்றச் செயலி வழியே நிகழ்படமாக அனுப்பினால், அது கோப்பை மறுகுறியாக்கம் செய்கையில் இரண்டாம் தடம் உதிர்ந்துவிடக்கூடும். ஆவணமாக அனுப்பினால் கோப்பு மாறாமல் சேரும். யூடியூபில் 2023இல் அறிமுகமான பன்மொழி ஒலி வசதிக்கும் ஒவ்வொரு மொழி ஒலியையும் தனியே பதிவேற்ற வேண்டும். பயிற்சி அறைத் தொலைக்காட்சியில் யு.எசு.பி. வழியே இயக்குவதாயின், அந்தத் தொலைக்காட்சியிலேயே முன்னதாகச் சோதிப்பது நல்லது. சில கருவிகள் முதல் தடத்தை மட்டுமே இயக்குவதால், மிகுதியானோர் கேட்கும் மொழியை முதலில் வைக்க வேண்டும். மேலுள்ள கட்டளையில் தமிழ் முன்னே நிற்பதற்கு அதுவே காரணம்.

ஒலித்தடம் மாறினாலும் காட்சியில் பொறிக்கப்பட்ட ஆங்கில எழுத்துகள் மாறுவதில்லை. எச்சரிக்கைப் பலகையின் சொற்கள் படத்திலேயே பதிந்திருந்தால், தமிழ்க் குரல் அவற்றைப் படித்துச் சொல்ல வேண்டும் அல்லது தமிழ்த் துணையுரைத் தடம் ஒன்றைக் கோப்பில் சேர்க்க வேண்டும். துணையுரைத் தடத்தின் அளவு சில கிலோபைட்டுகள் மட்டுமே.