சர்க்கரைவள்ளிக் கிழங்கு குழையாமல், இனிப்பாக வேக என்ன செய்யலாம்?

பொங்கலுக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோண்டிச் சந்தைக்கு அனுப்புவது நம் விவசாயிகளின் வழக்கம். வாங்கிச் சென்றவர்கள் வீட்டில் வேக வைத்துப் பார்த்துவிட்டு, “கிழங்கில் இனிப்பே இல்லை, தண்ணீராக இருக்கிறது” என்று குறை சொல்வதும் உண்டு. அந்தக் குறை விளைவித்தவர் மீதும் ரகத்தின் மீதும் போய் விழுகிறது. மறுமுறை அவர்கள் அதே கடையில் கிழங்கு வாங்குவதில்லை. ஆனால் நல்ல ரகத்தில் முற்றி விளைந்த கிழங்கும் கூட, தோண்டியவுடன் அவசரமாக வேக வைத்தால் இப்படித்தான் இருக்கும். இதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் வீட்டுக்குச் சமைக்கும்போதும் பயன்படும். வாங்குவோருக்கு எடுத்துச் சொல்லி விற்கவும் உதவும்.

இனிப்பு எங்கிருந்து வருகிறது?

புதிதாகத் தோண்டிய கிழங்கில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து, சர்க்கரை கொஞ்சமே. வெந்த கிழங்கில் நாம் உணரும் இனிப்பின் பெரும்பகுதி அடுப்பின் மேல்தான் உண்டாகிறது. கிழங்கிலேயே பீட்டா அமைலேஸ் என்னும் நொதி இருக்கிறது. இது மாவுச்சத்தை வெட்டி மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றுகிறது. பச்சைக் கிழங்கில் மாவுச்சத்து இறுகிய மணிகளாக இருப்பதால் நொதியால் அதை எளிதில் தொட முடியாது. சூடு 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்போது மாவு மணிகள் நீரை உறிஞ்சி ஊதத் தொடங்குகின்றன. அப்போதுதான் நொதிக்கு வேலை கிடைக்கிறது. சூடு 80 டிகிரியை நெருங்கினால் நொதி செயலிழந்துவிடும்.

ஆகவே ஏறக்குறைய 65 முதல் 75 டிகிரி வரையுள்ள இடைவெளியில் கிழங்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கு இனிப்பு கூடும். பிரஷர் குக்கரில் வைக்கும்போது கிழங்கு இந்த இடைவெளியைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. நொதி வேலையைத் தொடங்குமுன்பே செத்துவிடுகிறது. கிழங்கு வெந்துவிடும், இனிக்காது. தணலில், சாம்பலுக்குள் புதைத்துச் சுட்ட கிழங்கு அதிகமாக இனிப்பதற்கும் இதுவே காரணம். அங்கே சூடு மெதுவாக உள்ளே ஏறுகிறது. கூடவே நீரும் ஓரளவு வற்றுகிறது.

குழைந்து போவது ஏன்?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, வெளியிலிருந்து சேரும் தண்ணீர். தோலைச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் கொதிக்க விட்டால் வெட்டிய பக்கங்கள் வழியாகச் சர்க்கரை நீரில் கரைந்து போகிறது. அந்த இடத்தில் தண்ணீர் புகுகிறது. வேக வைத்த நீர் இனித்தால், அந்த இனிப்பு உங்கள் கிழங்கிலிருந்து போனது என்று அறியலாம். தளதளவென்று கொதிக்கும் நீரில் ஓரங்கள் கரைந்து, நடுப்பகுதி வேகுமுன்பே மேல்பகுதி கூழாகிவிடும்.

இரண்டாவது காரணம் கிழங்கின் உள்ளேயே இருக்கிறது. வெந்த மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சர்க்கரைக்கு அந்த வலு இல்லை. மாவுச்சத்து அளவுக்கு மீறிச் சர்க்கரையாக மாறிவிட்டால், பிடித்திருந்த நீர் வெளியாகிக் கிழங்கு கசகசவென்று ஈரமாகும். எனவே இனிப்பு வரும் அளவுக்கு மாவு மாற வேண்டும், மாவு மாவாக இருக்கும் அளவுக்கு மிச்சமும் இருக்க வேண்டும். புதிய கிழங்கையும் பல வாரம் வைத்திருந்த கிழங்கையும் ஒரே மாதிரி வேக வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே அடிப்படை.

புதிய கிழங்கு: வெந்நீரில் ஊற வைத்து வேக வைக்கும் முறை

தோண்டி ஓரிரு வாரத்துக்குள் உள்ள ஒரு கிலோ கிழங்கை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் எடையும் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத கனமும் உள்ள ஆறேழு கிழங்குகளாகப் பொறுக்க வேண்டும். பெரிதும் சிறிதுமாகக் கலந்தால் சிறியது குழையும்வரை பெரியது வேகாது. மண் போகக் கழுவினால் போதும். தோலைச் சீவவோ, நுனிகளை வெட்டவோ வேண்டாம். தோல்தான் சர்க்கரையை வெளியே விடாமல் காக்கும் சுவர்.

அடிகனமான பாத்திரத்தில் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்குங்கள். அதில் ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலந்து, கிழங்குகளைப் போடுங்கள். கிழங்கின் குளிர்ச்சியும் சேர்ந்து, நீரின் சூடு ஏறக்குறைய 70 டிகிரிக்கு இறங்கிவிடும். வெப்பமானி இல்லாமலேயே தேவையான சூட்டைப் பெற இது எளிய வழி. கிழங்கு அரைக் கிலோதான் என்றால் நீரையும் பாதியாக்குங்கள். மூடி போட்டு, பாத்திரத்தைச் சாக்கால் சுற்றி முக்கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். இரண்டு அங்குலக் கனமுள்ள கிழங்கின் நடுவரை சூடு போய்ச் சேர அரை மணி நேரம் வரை ஆகும். மீதி நேரம் நொதி வேலை செய்வதற்கு. இந்த மிதமான சூட்டில் கிழங்கின் செல் சுவர்களும் சற்று உறுதிப்படுவதால், பிறகு ஆவியில் வேகும்போது எளிதில் உடைந்து கரைவதில்லை.

இதற்குள் இட்லிப் பானையில் இரண்டு அங்குல உயரம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வையுங்கள். ஊறிய கிழங்குகளை வடித்து எடுத்துத் தட்டில் அடுக்குங்கள். கொதிக்கும் நீர் கிழங்கைத் தொடக் கூடாது. மூடியின் அடியில் ஒரு துணியைக் கட்டினால், ஆவி நீராகிக் கிழங்கின் மேல் சொட்டாது. 20 நிமிடம் கழித்து ஓர் ஈர்க்குச்சியால் குத்திப் பாருங்கள். நடுவரை தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது. இல்லையெனில் மேலும் ஐந்து நிமிடம் விடலாம். வெந்தவுடன் எடுத்து, மூடாமல் தட்டில் பரப்பி ஐந்து நிமிடம் ஆற விடுங்கள். பானையிலேயே விட்டால் வெளியேற வேண்டிய ஆவி திரும்பக் கிழங்கிலேயே நீராக இறங்கும்.

இதில் ஐயம் இருந்தால், ஒரே குவியலில் ஒரே அளவுள்ள இரண்டு கிழங்குகளை எடுத்து, ஒன்றை ஊற வைத்தும் மற்றதை நேராகவும் ஆவியில் வேக வையுங்கள். நேராக வைத்ததற்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். இரண்டையும் அடுத்தடுத்துச் சாப்பிட்டால் வேறுபாடு நாக்கிலேயே தெரியும். இரண்டுமே இனிக்கவில்லையென்றால் குறை சமையலில் இல்லை. சில ரகங்களில் இந்த நொதி இயல்பாகவே குறைவு. அவற்றை எவ்வளவு நேரம் ஊற வைத்தாலும் மாவாகத்தான் இருக்கும்; பொரியலுக்கும் வறுவலுக்கும் அவை ஏற்றவை.

இருப்பு வைத்த கிழங்கு

கிழங்கை இருப்பு வைக்க வைக்க அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி தானாகவே சர்க்கரையாகிவிடும். மாவைக் கரைக்கும் நொதிகளின் வலுவும் கூடும். ஒரு மாதம் இருப்பில் இருந்த கிழங்கை மேற்சொன்னபடி வெந்நீரில் ஊற வைத்தால், மாவு அளவுக்கு மீறிக் கரைந்து பாகு போலாகிவிடும். அத்தகைய கிழங்கை ஊற வைக்காமல் நேராக ஆவியில் வேக வையுங்கள். தணலில் சுட்டால் இன்னும் நல்லது. தோலில் இலேசான சுருக்கமும் நுனியில் வாட்டமும் இருந்தால், அது இருப்புக் கிழங்கு என்று கண்டுகொள்ளலாம்.

இருப்பு வைக்க விரும்புவோர் தோண்டிய கிழங்கைக் கழுவாமல், காயம் பட்டவற்றை ஒதுக்கிவிட்டு, நிழலான கொட்டகையில் வைக்கோலுக்கடியில் ஒரு வாரம் பதப்படுத்த வேண்டும். 30 டிகிரி அளவான சூடும் நல்ல ஈரக்காற்றும் இருந்தால், சிராய்ப்புகளின் மேல் புதுத் தோல் கட்டும். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் நழுவாத நிலை வந்ததும், காற்றோட்டமுள்ள அறையில் உலர்ந்த மணலில் அடுக்கலாம். குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் பச்சைக் கிழங்கை வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே நாட்கணக்கில் இருந்த கிழங்கின் நடுப்பகுதி, எவ்வளவு வேக வைத்தாலும் கட்டியாகவே நிற்கும்.

சமையலால் திருத்த முடியாதவை

முற்றாத கிழங்கில் மாவு குறைவு, நீர் அதிகம். அதை எப்படி வேக வைத்தாலும் சப்பென்றுதான் இருக்கும். தோண்டுமுன் ஒரு கிழங்கை வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடத்தில் வரும் பால் வெள்ளையாகவே உலர்ந்தால் முற்றியது. கறுத்துப் பச்சை படர்ந்தால் இன்னும் சில நாள் விட வேண்டும்.

கூன்வண்டு துளைத்த கிழங்கு கசக்கும். அந்தக் கசப்பு வெந்தாலும் போகாது. துளையைச் சுற்றி மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைப்பது சரியல்ல. துளை இல்லாத பகுதியிலும் கசப்புப் பொருள் பரவியிருக்கும். அத்தகைய கிழங்கையும், பூசணம் பிடித்து அழுகியதையும் மாடுகளுக்கும் போடக் கூடாது. அவற்றில் உண்டாகும் நச்சு மாடுகளின் நுரையீரலைப் பாதிக்கும்.

பரங்கிக்காய்க்கு இது பொருந்துமா?

கொங்குப் பகுதியில் அரசாணிக்காய் என்றும், வேறு இடங்களில் மஞ்சள் பூசணி என்றும் சொல்லப்படும் பரங்கிக்காயும் வேகும்போது இதே போல் நீர் விட்டுக் குழைகிறது. ஆனால் அதில் தண்ணீரே ஏறக்குறைய 90 சதவீதம், மாவுச்சத்து குறைவு. எனவே வெந்நீரில் ஊற வைப்பதால் அதற்கு இனிப்பு கூடாது. காம்பு காய்ந்து, நகம் இறங்காத அளவு தோல் முற்றிய காயைப் பெரிய துண்டுகளாக நறுக்கி, தண்ணீர் ஊற்றாமல் அகன்ற வாணலியில் சிறு தீயில் வேக வைக்க வேண்டும். காயின் நீரே அதை வேக வைத்துவிடும். முதலில் மூடியும், பாதி வெந்ததும் திறந்தும் வைத்தால் நீர் வற்றித் துண்டு உடையாமல் நிற்கும். உப்பைக் கடைசியில் சேருங்கள். முதலிலேயே போட்டால் அது காயின் நீரை வெளியே இழுத்துவிடும்.

பொங்கல் சந்தைக்குக் கிழங்கு அனுப்புவோர், இயன்றால் பத்துப் பதினைந்து நாள் முன்னதாகத் தோண்டிப் பதப்படுத்தி அனுப்பலாம். அது முடியாதபோது, புதுக் கிழங்கை வெந்நீரில் முக்கால் மணி நேரம் ஊற வைத்து ஆவியில் வேக வைக்கும்படி வாங்குவோரிடம் சொல்லுங்கள்.