மூக்கு நிழலைப் பாருங்கள்

கல்யாண மண்டப வாசலில் எட்டடி உயர பிளக்ஸ். படத்தில் மாலை நேரக் கடற்கரை. இடப்பக்கம் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. முன்னால் மணமக்கள். ஆனால் அவர்கள் கடற்கரைப் பக்கமே போகவில்லை. ஸ்டுடியோவில் வெள்ளைத் திரைக்கு முன்னால் எடுத்த படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் தலைமுடி. தோள், வேட்டி மடிப்பு போன்ற ஓரங்களை வெட்டுவது சுலபம். பறக்கும் முடியிழைகளை வெட்டப் பொறுமை வேண்டும். அவசர வேலையில் தலையைச் சுற்றி ஒரே கோடாக இழுத்துவிடுவார்கள். தலை ஹெல்மெட் போட்டதுபோல் மொழுமொழுவென்று தெரியும். அடுத்து, கைக்கும் இடுப்புக்கும் நடுவே உள்ள சந்து. அங்கே கடல் தெரிய வேண்டும். ஸ்டுடியோ வெள்ளை தெரிந்தால், அந்த இடத்தை வெட்ட மறந்துவிட்டார்கள்.

இரண்டாவது, உருவத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக் கோடு. டிஜிட்டல் படத்தில் ஓரத்துப் பிக்சல்களில் சட்டையின் நிறமும் பின்திரையின் நிறமும் கலந்திருக்கும். அவற்றையும் சேர்த்து வெட்டினால், திரையின் வெள்ளை கூடவே வந்துவிடும். 1,200 பிக்சல் உயரப் படத்தை எட்டடிக்குப் பெரிதாக்கினால் ஒரு பிக்சல் சுமார் 2 மில்லிமீட்டர் ஆகிவிடும். இரண்டு பிக்சல் கோடு 4 மில்லிமீட்டர். கம்ப்யூட்டர் திரையில் கண்ணில் படாதது வாசலில் பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

ஓரம் வெளுத்திருந்தாலே ஒட்டுப்படம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பின்னாலிருந்து வெயில் அடித்தாலும் ஓரம் மின்னும். ஆனால் அது வெயில் படும் பக்கம் மட்டும், வெயிலின் நிறத்தில் மின்னும். வெட்டியதில் வந்த கோடு சுற்றிலும் ஒரே அளவில் ஓடும்.

மூன்றாவது, ஒளி. சூரியன் மணமக்களுக்குப் பின்னால், இடப்பக்கம் இருக்கிறது. அப்படியானால் அவர்களின் இடப்பக்க ஓரத்தில் ஆரஞ்சு வெளிச்சம் விழ வேண்டும். காலடி நிழல் வலப்பக்கமாக நம்மை நோக்கி நீள வேண்டும். இந்த பிளக்ஸில் முகம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. மூக்கின் நிழல் இடப்பக்கம், அதாவது சூரியன் இருக்கும் பக்கமே சாய்ந்திருக்கிறது. காலடியில் நிழலே இல்லை. மணலுக்கு மேல் மிதக்கிறார்கள். நிஜக் கடற்கரையில் ஃபிளாஷ் போட்டு எடுத்தாலும் முகம் வெளுத்துத்தான் இருக்கும். எனவே முகத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாமல், ஆரஞ்சு ஓரத்தையும் காலடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிளக்ஸ் அடிக்கக் கொடுப்பவர்களுக்கும் இது உதவும். வெள்ளைக் கோட்டை, ஓரத்தை இரண்டு பிக்சல் உள்ளே தள்ளி டிசைனர் சீக்கிரமே சரிசெய்துவிடுவார். முகத்தில் விழுந்த நிழலைத் திருப்புவதுதான் கஷ்டம். ஆகவே, முதலில் உங்கள் படத்தில் மூக்கு நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். பிறகு அதற்கேற்ற பேக்ரவுண்டைக் கேட்டு வாங்குங்கள்.