விற்பது சேலத்துப் புடவை, விதிமுறை கலிபோர்னியாவுடையதா?

வீட்டிலிருந்தே இணையத்தில் விற்கும் சிறு கடைகளின் ‘விதிமுறைகள்’ பக்கத்தைத் திறந்து படித்தால் சில சமயம் சிரிப்பு வரும். கடை சேலத்தில் இருக்கும். பக்கமோ ‘கலிபோர்னியா மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது’ என்று சொல்லும். உங்கள் கார்டு விவரங்களைப் பத்திரமாகச் சேமித்து வைக்கிறோம் என்றும் ஒரு வரி இருக்கும். இந்தியாவில் 2022 அக்டோபர் முதல் வாடிக்கையாளரின் கார்டு எண்ணைக் கடைக்காரர் சேமித்து வைக்கவே ரிசர்வ் வங்கி விடுவதில்லை. எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியதன் விளைவு இது. பேமென்ட் கேட்வே நிறுவனம் கணக்கைத் திறக்கும் முன் ‘பிரைவசி, டெர்ம்ஸ், ரீஃபண்ட் பக்கங்கள் எங்கே?’ என்று கேட்கும். அன்று ராத்திரியே ஒரு பக்கம் முளைத்துவிடும்.

ஒட்டிய பக்கத்தில் நாம் செய்யாததெல்லாம் வாக்குறுதியாக நிற்கும். செய்வது எதுவும் அதில் இருக்காது. நேராக எழுத ஒரு வழி உண்டு: ஒரே ஒரு ஆர்டரைப் பிடித்துக்கொண்டு, அது போகிற வழியெல்லாம் கூடவே போய், பார்த்ததை எழுதுவது.

சேலத்தில் ஒரு பெண் வீட்டிலிருந்து கைத்தறிப் புடவை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து ஒருவர் ஒரு புடவை கேட்கிறார். பெயர், முகவரி, கைபேசி எண் வருகின்றன. முகவரியும் எண்ணும் கூரியர்காரருக்குப் போகின்றன. பணம் கேட்வே வழியாக வருகிறது. பில் கணக்காளரிடம் போகிறது. எண் கடைக்காரரின் கைபேசியில் பதிவாகிறது. அடுத்த மாதம் புதுப் புடவைகள் வந்ததும் அந்த எண் ‘புது வரவு’ வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்துவிடுகிறது.

இந்தக் கடைசி அடியில்தான் பிசகு. புடவை அனுப்புவதற்காகக் கொடுத்த எண்ணை விளம்பரத்துக்கு எடுத்தாயிற்று. குழுவில் சேர்த்ததால் முன்பின் தெரியாத மற்ற உறுப்பினர்களும் அந்த எண்ணைப் பார்க்க முடியும். நம்பிக் கொடுத்த விவரத்தை அடுத்தவருக்குத் தெரியப்படுத்துவதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சொல்கிறது. குழுவுக்குப் பதில் பிராட்காஸ்ட் பட்டியல் வைத்தால் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் அதில் சேர்ப்பதற்கும் கேட்டாக வேண்டும்.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது. என்ன விவரம் வாங்குகிறீர்கள், எதற்காக, சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறுவது, யாரிடம் புகார் செய்வது என்பதை எளிய சொற்களில் அறிவிப்பாகத் தர வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழிகளிலோ படிக்க வழி இருக்க வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கடைக்காரர்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. அதுவரை காத்திருக்கக் காரணம் எதுவும் இல்லை, ஏனென்றால் பக்கம் இவ்வளவுதான்:

“ஆர்டர் செய்யும்போது உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண் வாங்குகிறோம். பார்சல் அனுப்பவும், பில் போடவும், பார்சல் பற்றி உங்களிடம் பேசவும் இவை தேவை. முகவரியும் எண்ணும் கூரியர் நிறுவனத்துக்குப் போகும். பில் எங்கள் கணக்காளரிடம் போகும். உங்கள் கார்டு எண்ணை நாங்கள் பார்ப்பதும் இல்லை, வைத்துக்கொள்வதும் இல்லை. புது வரவு பற்றி வாட்ஸ்அப்பில் சொல்ல வேண்டுமானால் ஆர்டர் பக்கத்தில் உள்ள கட்டத்தில் நீங்களே டிக் செய்யுங்கள். பிறகு வேண்டாம் என்று தோன்றினால் ‘வேண்டாம்’ என ஒரு செய்தி போதும். உங்கள் விவரங்களை அழிக்கச் சொன்னால் அழித்துவிடுவோம். பில்லில் உள்ளவை மட்டும் வரிச் சட்டம் சொல்லும் காலம்வரை இருக்கும்.”

இதன் கீழே குறை சொல்ல வேண்டியவரின் பெயர், எண், மின்னஞ்சல், அங்கே தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் போகலாம் என்ற தகவல்.

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ‘கேட்டால் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம்’ என்று எழுதுவது சுலபம், ஆனால் அது பொய். ஜிஎஸ்டி பதிவு உள்ள கடை, கணக்குகளை அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, டிக் கட்டத்தை நாமே முன்கூட்டி டிக் செய்து வைக்கக் கூடாது. வெப்சைட் செய்து கொடுத்தவரிடமும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: “விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் பிக்சல், கூகுள் கணக்கெடுப்பு மாதிரி எதையாவது உள்ளே போட்டிருக்கிறீர்களா?” பல கடைக்காரர்களுக்கு இது இருப்பதே தெரியாது. இருந்தால், பக்கம் பார்க்க வருபவரின் தகவல் அந்த நிறுவனங்களுக்குப் போகிறது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், அல்லது அதைக் கழற்றிவிட வேண்டும்.

விதிமுறைப் பக்கத்தில் விலை, அனுப்பும் நாள் எல்லாம் சண்டை இல்லாத விஷயங்கள். சண்டை வருவது ரிட்டனில். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ஜவுளிக்கடை பில்லில் அச்சடித்துப் பழகிய வரியை அப்படியே இணையத்துக்கும் கொண்டுவருகிறார்கள். பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்து, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணம் தர மறுப்பதும் நியாயமற்ற நடைமுறைதான். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளோ இன்னும் ஒரு படி மேலே போகின்றன: விளம்பரத்தில் காட்டியதற்கு மாறாக இருந்தாலும், சொன்ன நாளைத் தாண்டி வந்தாலும், கடை திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. தாமதத்துக்கு வெள்ளம் போன்ற கைமீறிய காரணம் இருந்தால் மட்டும் விலக்கு.

அப்படியானால் பிடிக்காமல் போனதற்கெல்லாம் திருப்பி எடுக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. மனம் மாறினால் எடுப்பதா வேண்டாமா என்பது கடையின் முடிவு. ஆகவே இரண்டையும் பிரித்தே எழுதுங்கள்:

“கிழிசல், கறை, இழை விட்டது இருந்தாலோ, படத்தில் காட்டியதற்கு மாறான புடவை வந்தாலோ, பார்சல் கிடைத்த 7 நாளுக்குள் படம் எடுத்து அனுப்புங்கள். திருப்பி அனுப்பும் கூரியர் செலவு எங்களுடையது. புடவை எங்களிடம் வந்த 5 வேலை நாளில் முழுப் பணமும் தருவோம். பழுது இல்லாமல் மனம் மாறினால் 3 நாளுக்குள் சொல்லுங்கள். வேறு புடவை மாற்றித் தருவோம், கூரியர் செலவு உங்களுடையது. ஃபால்ஸ் அடித்த, குஞ்சம் கட்டிய புடவைக்கு இந்த மாற்றும் வசதி இல்லை.”

‘அன்பாக்சிங் வீடியோ இல்லாவிட்டால் புகார் ஏற்க மாட்டோம்’ என்ற வரி இப்போது இன்ஸ்டா கடைகளில் எல்லாம் காணப்படுகிறது. ஏமாற்றுபவர்களிடம் அடிபட்டவர்கள் எழுதிய வரி என்பது புரிகிறது. வீடியோ எடுத்தால் உதவும் என்று கேட்கலாம். ஆனால் வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்தால் கிழிந்த புடவைக்கான பொறுப்பு கழன்றுவிடாது. ‘நிறம் சற்று மாறலாம்’ என்பதும் அப்படித்தான். அரக்குக்கும் குங்குமச் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அது பொறுக்கும், மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் உள்ளதைப் பொறுக்காது. பகல் வெளிச்சத்தில் ஒரு படம் சேர்த்து நிறத்தைச் சொல்லாலும் எழுதிவிட்டால் இந்தத் தகராறில் பாதி வராது.

கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர்ப்பவரின் பெயர், எண் ஆகியவை பக்கத்தில் பளிச்சென்று இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. தனியாகக் கடை நடத்துபவருக்கு அந்த அலுவலர் அவரேதான்.

‘வழக்குகள் சேலம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டவை’ என்ற வரியையும் எடுத்துவிடலாம். திருநெல்வேலிக்காரர் தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்க 2019 சட்டம் இடம் தந்திருக்கிறது. பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஆணையம் கூப்பிட்டால் பதில் சொல்லப் போக வேண்டியவர் சேலத்துக்காரர்தான்.