பித்தப்பை வீங்கினால் ஏன் அவசரம்?

கல்யாண விருந்து முடிந்த இரவு வலது விலாவுக்குக் கீழே வலி. ‘கேஸ்தான்’ என்று சோடா குடித்தும் விடியும்வரை விடவில்லை, காலையில் காய்ச்சல். டாக்டர் அந்த இடத்தில் விரலை அழுத்தி மூச்சை இழுக்கச் சொல்கிறார்; வலியில் மூச்சு பாதியிலேயே நிற்கிறது. பித்தப்பையின் குழாயைக் கல் அடைத்து, பை வீங்கியிருக்கலாம் என்பதற்கு அது நல்ல அடையாளம். ஸ்கேனில் தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுத்து, வீக்கம் வடிந்து பல வாரங்கள் கழித்தே ஆபரேஷன். இப்போது கூடுமானவரை முதல் 3 நாட்களுக்குள், தாமதமானால் ஒரு வாரம் பத்து நாளுக்குள், லேப்ராஸ்கோப்பியில் பையை எடுத்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் இருப்பது நீர்கோத்த வீக்கம். திசுக்கள் எளிதாகப் பிரியும். நாளாக ஆக அவை ஒட்டி இறுகிவிடும். அப்போது பித்தநாளத்தை அடையாளம் காண்பதே சிரமம். தவறி அதை வெட்டினால் பெரும் சிக்கல். காத்திருக்கும் வாரங்களில் வலி திரும்புவதும் உண்டு.