ஒரு தப்படிக்கு எவ்வளவு நீளம்?

1.1 என்ற எண்ணை நூறு முறை தன்னோடு தானே பெருக்கினால் ஏறத்தாழ 13,780 வரும். 0.9-ஐ அப்படிப் பெருக்கினால் ஒன்றுமில்லாமல் தேய்ந்துபோகும். வாக்கியங்களைச் சொல் சொல்லாகப் படிக்கும் ரிகரன்ட் நெட்வொர்க்குகளைப் பயிற்றுவிப்பது ஏன் பெரும்பாடாக இருந்தது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

நெட்வொர்க்குக்குள் லட்சக்கணக்கான எண்கள் இருக்கின்றன. அவற்றை எடைகள் என்பார்கள். விடை எவ்வளவு தவறியது என்பதைப் பார்த்து, ஒவ்வோர் எடையையும் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று சொல்வது கிரேடியன்ட். ரிகரன்ட் நெட்வொர்க்கில் இந்தத் தகவல் கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல் வரை பின்னோக்கிப் போகும்போது, ஒவ்வொரு சொல்லிலும் அதே எடைகளால் மறுபடி மறுபடி பெருக்கப்படுகிறது. பெருக்கம் ஒன்றைச் சற்றே தாண்டினாலும் கிரேடியன்ட் வெடிக்கும். அதுவரை ஒழுங்காகக் கற்ற எடைகள் ஒரே தப்படியில் எங்கோ தூக்கி எறியப்படும். திரையில் பிழையின் அளவு சட்டென்று எகிறும். இல்லாவிட்டால் NaN என்று வந்து நிற்கும்.

ரஸ்வான் பஸ்கானு, தோமாஷ் மிகோலோவ், யோஷுவா பென்ஜியோ மூவரும் 2013-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைச் செங்குத்துப் பாறையாக வரைந்து காட்டியது. பாறை விளிம்பில் கிரேடியன்ட் திசையைச் சரியாகவே காட்டலாம். தப்படியின் நீளம்தான் ஆபத்து. ஆகவே திசையை விட்டுவிட்டு நீளத்தை மட்டும் வெட்டு என்றார்கள்.

இரண்டே எடைகள், கிரேடியன்ட் (30, 40) என்று வைத்துக்கொள்வோம். இதன் நீளம் 50. வரம்பு 5 என்றால், இரண்டையும் பத்தால் வகுத்து (3, 4) ஆக்குகிறோம். நீளம் 5, திசை பழையதே. ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே 5-க்குள் அடக்கும் முறையும் உண்டு. அதில் (5, 5) கிடைக்கும், திசை திரும்பிவிடும். எல்லா எடைகளையும் சேர்த்து ஒரே நீளமாக அளப்பதுதான் இன்று பெருவழக்கு.

```
loss.backward()
norm = torch.nn.utils.clip_grad_norm_(model.parameters(), 1.0)
optimizer.step()
```

இதில் 1.0 என்பதுதான் வரம்பு. அதை எப்படித் தேர்வது? 2014-இல் சுட்ஸ்கெவர் குழுவினரின் மொழிபெயர்ப்பு மாடல் 5 வைத்தது, ஜிபிடி-3 1.0 வைத்தது. இவற்றை அப்படியே எடுத்துக்கொள்வோர்தான் அதிகம். ஆனால் நீளம் என்பது நாம் அளக்கும் விதத்தைப் பொறுத்தது. பிழையைச் சொற்களுக்குச் சராசரியாக எடுப்பதற்குப் பதில் கூட்டினாலே நீளம் பல நூறு மடங்காகிவிடும். அங்கே 1.0 என்ற வரம்புக்கு வேறு பொருள்.

நம்பத்தக்க வழி, அளந்து பார்ப்பது. மேலே உள்ள வரி, வெட்டுவதற்கு முந்தைய நீளத்தையே `norm`-இல் தருகிறது. முதலில் வரம்பை மிகப் பெரிதாக வைத்து, சில ஆயிரம் தப்படிகளுக்கு அதைப் பதிந்து பாருங்கள். ஆரம்பக் கொந்தளிப்பு அடங்கியபின் நீளம் 0.4-க்கும் 0.9-க்கும் இடையில் இருக்கிறது, எப்போதாவது 6, 40 என்று பாய்கிறது என்றால், 1.0 நல்ல வரம்பு. அது பாய்ச்சலை மட்டும் பிடிக்கும். அங்கே 50 வைத்தால் காவலே இல்லை. 0.1 வைத்தால் ஒவ்வொரு தப்படியும் வெட்டுப்படும். பெரிய தவறும் சிறிய தவறும் ஒரே நீளமாகிவிடும். பயிற்சி நின்றுவிடாது, ஆனால் கற்கும் வேகத்தை இந்த வரம்பும் மாற்றக்கூடும் என்பது தெரியாமலே ஓடும். சராசரியின் பாதி முதல் பத்து மடங்கு வரை எந்த வரம்பும் ஒத்துவரும் என்பது பஸ்கானு குழுவின் அனுபவம். எனவே நுணுகித் தேட வேண்டியதில்லை. அளவின் வரிசை சரியாக இருந்தால் போதும்.

பதினாறு பிட் எண்களில் பயிற்றுவிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிறிய எண்கள் தொலையாமலிருக்கக் கிரேடியன்ட்டை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கி வைத்திருப்பார்கள். `scaler.unscale_(optimizer)` என்று அதை மீட்ட பிறகே வெட்ட வேண்டும். மறந்தால் ஊதிய நீளத்தைத்தான் வெட்டுவீர்கள்; பிழைச் செய்தி எதுவும் வராது, மாடல் சரியாகக் கற்காமல் போகலாம். கிரேடியன்ட்டில் ஏற்கெனவே NaN புகுந்திருந்தால் வெட்டினாலும் பயனில்லை, ஏனெனில் நீளமும் NaN-தான்.

டிரான்ஸ்ஃபார்மரில் ஒரே எடை நூறு முறை பெருக்கப்படுவதில்லை, ஆனாலும் பாய்ச்சல் வருகிறது. கூகுள் 2022-இல் வெளியிட்ட பாம் மாடலில் வரம்பு 1.0. அப்படியும் பயிற்சியின்போது சுமார் 20 முறை பிழை எகிறியது. ஒவ்வொரு முறையும் சுமார் 100 தப்படிகள் பின்னால் சேமித்த நிலைக்குத் திரும்பி, 200 முதல் 500 வரை தரவுத் தொகுதிகளைத் தாண்டி ஓட்டினார்கள். தரவு மோசமோ என்ற சந்தேகத்தில், அதே தொகுதிகளை வேறொரு நிலையிலிருந்து கொடுத்துப் பார்த்தபோது எகிறவில்லை. குறிப்பிட்ட எடைகளும் குறிப்பிட்ட தொகுதியும் சந்தித்தபோதுதான் கோளாறு என்பது அவர்கள் கண்ட முடிவு.