வாரண்டிக்கு எவ்வளவு ஒதுக்குவது?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வ. புதுப்பட்டியில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்ச ஒரு விவசாயி மார்ச் மாதம் சப்மெர்சிபிள் மோட்டார் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருட வாரண்டி. மே மாதத்தில் காயில் கருகிவிடுகிறது. மோட்டாரைப் போரிலிருந்து தூக்கி, ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ உள்ள டீலரிடம் கொடுக்கிறார். புதுக் காயில் கட்டும் செலவு கம்பெனியுடையது. அந்தச் செலவு எந்த ஆண்டின் கணக்கில் ஏற வேண்டும்?

பணம் மே மாதம்தான் கைவிட்டுப் போகிறது. ஆனால் விற்பனையும் லாபமும் மார்ச் 31-க்கு முன்பே கணக்கில் ஏறிவிட்டன. லாபம் ஓர் ஆண்டிலும் அதைச் சார்ந்த செலவு மறு ஆண்டிலும் விழுந்தால் இரண்டு ஆண்டின் கணக்குமே பொய்யாகிவிடும். ஆகவே இன்னும் பழுதாகாத மோட்டார்களுக்காக இப்போதே ஒரு தொகையைக் கம்பெனி எடுத்துவைக்கிறது. இதுதான் வாரண்டி ஒதுக்கீடு. கையில் பில் இல்லாத, நாளைக்கு வரப்போகும் செலவு இது. அதைச் சரிபார்ப்பதுதான் ஆடிட்டரின் வேலையில் கடினமான இடம்.

இந்த ஒதுக்கீடு செல்லுமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது சென்னையைச் சேர்ந்த ரோட்டார்க் கன்ட்ரோல்ஸ் இந்தியா. குழாய் வால்வுகளை மோட்டாரால் திறந்து மூடும் ஆக்சுவேட்டர்களைச் செய்யும் கம்பெனி அது. பொருளை நிறுவி 12 மாதம் அல்லது அனுப்பி 18 மாதம், எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. 1991-92 வரி மதிப்பீட்டு ஆண்டுக்கு விற்பனையில் 1.5 சதவீதம் என்று கணக்கிட்டு ரூ.10,18,800 ஒதுக்கியது. தேவைக்கு மேல் இருந்த ரூ.5,00,246-ஐத் திருப்பி எழுதியது. மிச்சம் ரூ.5,18,554-ஐச் செலவாகக் கழிக்கக் கேட்டது. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்ற செலவைக் கழிக்க முடியாது என்றார் வரி அதிகாரி. சென்னை உயர் நீதிமன்றமும் கம்பெனிக்கு எதிராகவே தீர்ப்பளித்தது.

2009 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பல ஆண்டுகளாக ஏராளமாக விற்ற பொருள்களில் ஒரு பங்கு பழுதாகி வந்ததற்குப் பதிவு இருந்தால், இனி வரும் செலவு வெறும் ஊகமல்ல, இன்றே இருக்கும் கடன் என்றது. கூடவே மூன்று நிபந்தனைகளையும் வைத்தது. பழைய கிளைம்களின் போக்கை வைத்தே மதிப்பிட வேண்டும், ஆண்டுதோறும் மறுபடி மதிப்பிட வேண்டும், வாரண்டி முடியும் காலம் நெருங்க நெருங்க ஒதுக்கீடும் குறைய வேண்டும். ஆடிட்டர் செய்ய வேண்டிய சோதனையின் முழு வரைபடமும் இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது.

முதலில் பழைய பதிவு. கம்பெனியின் கிளைம் பட்டியலிலிருந்து சில வரிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஜாப் கார்டு, மோட்டாரின் சீரியல் நம்பர், விற்ற தேதி, மாற்றிய ஸ்பேர், டீலருக்குக் கொடுத்த கூலி எல்லாம் பொருந்துகிறதா என்று ஆடிட்டர் பார்க்கிறார். இது பாதி வேலைதான். பட்டியலில் இருப்பது உண்மையா என்று இதில் தெரியும். பட்டியலில் விட்டுப்போனது தெரியாது. அதற்கு எதிர்த்திசையில் போக வேண்டும். சர்வீஸ் சென்டரில் சீட்டுக் கட்டிக் கிடக்கும் மோட்டார்களின் நம்பரைக் குறித்துக்கொண்டு, அவை பட்டியலில் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். வழக்கமாக ஓட்டை தெரிவது இங்கேதான். மார்ச் கடைசி வாரத்தில் டீலரிடம் வந்து, ஏப்ரலில் கம்பெனிக்குத் தெரிந்த கிளைம்கள் எந்த ஆண்டிலும் சேராமல் நிற்கும்.

அடுத்தது சதவீதம். பிழை அதிகம் ஒளிந்திருக்கும் இடம் இது. கற்பனையான ஒரு மோட்டார் கம்பெனியின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2023-24-இல் 10,000 மோட்டார் விற்றது; 2024-25-இல் 15,000. 2024-25-இல் வாரண்டியில் பழுது பார்த்தவை 450. 15,000-க்கு 450, ஆக 3 சதவீதம் என்கிறது கம்பெனி. இந்த ஆண்டு விற்றதில் ஏற்கெனவே 170 வந்துவிட்டன. இன்னும் 280 வரும். பழுதுக்குச் சராசரி 1,800 ரூபாய் வீதம் ஒதுக்கீடு ரூ.5,04,000.

கணக்கு ஒழுங்காகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த 450-இல் 280, முந்தைய ஆண்டு விற்ற மோட்டார்கள். அவற்றை இந்த ஆண்டின் விற்பனையால் வகுத்தது தவறு. விற்பனை வளரும் கம்பெனியில் இப்படி வகுத்தால் சதவீதம் எப்போதும் குறைவாகவே காட்டும். ஆடிட்டர் விற்ற ஆண்டு வாரியாகப் பிரிக்கிறார். 2023-24-இல் விற்ற 10,000 மோட்டாரில் அதே ஆண்டில் 120, மறு ஆண்டில் 280, மொத்தம் 400 திரும்பி வந்தன. உண்மையான வீதம் 4 சதவீதம். அப்படியானால் 15,000-க்கு 600 வரவேண்டும். 170 போக மிச்சம் 430.

செலவுக்கும் இதே பார்வை. 1,800 ரூபாய் என்பது ஆண்டு முழுவதன் சராசரி. கடைசி மூன்று மாத பில்களை மட்டும் எடுத்தால் செம்புக் கம்பி விலை ஏறி ஒரு பழுதுக்கு 2,200 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். செலவு வரப்போவது இனிமேல். அதற்கு இன்றைய விலையே பொருந்தும். 430 மோட்டாருக்கு ரூ.9,46,000. கம்பெனி வைத்ததைவிட ரூ.4,42,000 அதிகம். இத்தனைக்கும் கம்பெனியின் பில்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

மதிப்பீடு நம்பத் தக்கதா என்று அறிய எளிய வழி, போன ஆண்டின் ஒதுக்கீட்டை நடந்த செலவோடு ஒப்பிடுவது. ஆண்டுதோறும் போதாமல் போனால் கம்பெனி லாபத்தைக் கூட்டிக் காட்டுகிறதோ என்று கேட்க வேண்டும். ஆண்டுதோறும் மிஞ்சினாலும் விடக் கூடாது. நல்ல ஆண்டில் அதிகம் ஒதுக்கி, மோசமான ஆண்டில் திருப்பி எழுதி லாபத்தைச் சமன் செய்ய இது வசதியான பெட்டி. மார்ச் முடிந்து ஆடிட்டர் கையெழுத்திடுவதற்குள் வந்துவிட்ட ஏப்ரல், மே கிளைம்களும் மதிப்பீட்டுக்கு நேரடியான சாட்சிகள்.

பேரிங்கில்தான் குறை, பேரிங் கம்பெனியே பணம் தந்துவிடும் என்று ஒதுக்கீட்டைக் குறைப்பவர்களும் உண்டு. இந்தியக் கணக்குத் தரம் 37 அதை ஏற்பதில்லை. பணம் வருவது ஏறக்குறைய நிச்சயமானால்தான், அதையும் தனிச் சொத்தாகக் காட்டலாம். ஒதுக்கீடு முழுத் தொகையிலேயே நிற்க வேண்டும்.

பழைய பதிவு கைகொடுக்காத இடமும் இருக்கிறது. புது மாடல், புது ஸ்பேர், ஒரே தொகுதியில் புகுந்த குறை ஆகியவற்றுக்கு நேற்றைய சதவீதம் வழிகாட்டாது. 2008-இல் சுஸ்லான் தன் எஸ்88 காற்றாலைகளின் இறக்கைகளில் விரிசல் கண்டு, 1,251 இறக்கைகளை வலுப்படுத்தும் திட்டத்தை அறிவித்தது. செலவு சுமார் 100 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இத்தகைய செய்தி கணக்குப் பிரிவுக்கு வந்து சேரும் முன்பே தொழிற்சாலையின் தரப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும். அதனால் நல்ல ஆடிட்டர் லெட்ஜரோடு நிற்காமல், எந்த மாடலில் எந்த உதிரிப்பாகம் மாற்றப்பட்டது, ஏன் மாற்றப்பட்டது என்று பொறியாளரிடம் போய்க் கேட்கிறார். ஒரே மாதத் தயாரிப்பின் சீரியல் நம்பர்கள் ஜாப் கார்டுகளில் திரும்பத் திரும்ப வந்தால், அந்தத் தொகுதிக்குத் தனியாகக் கணக்குப் போடச் சொல்கிறார்.

பங்கு வைத்திருக்கும் வாசகர்களும் இதை ஓரளவு பார்க்கலாம். ஆண்டறிக்கையின் குறிப்புகளில் ஒதுக்கீடுகளுக்கென ஓர் அட்டவணை இருக்கும். தொடக்க இருப்பு, புதிதாகச் சேர்த்தது, செலவானது, திருப்பி எழுதியது, இறுதி இருப்பு என்று வரும். விற்பனை ஏறியும் வாரண்டி ஒதுக்கீடு இறங்கியிருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து காரணம் கேளுங்கள்.