அப்பச்சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு

போன தீபாவளிக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு தாய், கடையில் பேக்கிங் பவுடர் இல்லை என்று அப்பச்சோடாவை அதே அளவுக்குப் போட்டுக் கேக் செய்தார். கேக் உள்ளே மஞ்சளாகி, சவுக்காரம் தின்றது போல் வாய் கசந்தது. பட்டர், முட்டை, சீனி எல்லாம் வீண். அடுத்த கூட்டத்தில், "இரண்டும் வெள்ளைத்தூள்தானே ஐயா?" என்று கேட்டார். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

அப்பச்சோடா தனியான ஒரே பொருள். புளிப்போடு சேர்ந்தால்தான் அது நன்றாகப் பொங்கிக் காற்றை விடும். அந்தக் காற்றுதான் மாவை உப்ப வைக்கிறது. அப்பத்துக்கு மாவைப் புளிக்க வைக்கிறோம் அல்லவா? அந்தப் புளிப்பில் ஒரு சிட்டிகை சோடா போட்டால் போதும். புளிப்பே இல்லாத மாவில் போட்டால் சோடா மிஞ்சி நின்றுவிடும். அந்தத் தாய்க்கு வந்த கசப்பும் மஞ்சளும் இதனால்தான்.

பேக்கிங் பவுடரிலும் சோடாதான் இருக்கிறது. ஆனால் அதற்கு வேண்டிய புளிப்புத் தூளையும், ஈரம் பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் சோள மாவையும் அதோடு கலந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே பால், முட்டை, பட்டர், சீனி மட்டும் சேரும் சாதாரண கேக்குக்கு இதுதான் பொருத்தம்.

கணக்கைப் பார்ப்போம். 125 கிராம் கோதுமை மாவுக்கு பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி போதும். சோடா அதைவிட நாலு மடங்கு வலுவானது. பவுடர் கிடைக்காவிட்டால் அதே மாவுக்கு சோடா கால் தேக்கரண்டி எடுத்து, பாலுக்குப் பதிலாக அரைக் கப் புளித்த தயிர் ஊற்றுங்கள். சோடாவை முதலில் மாவோடு சலித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கட்டி கட்டியாகக் கசக்கும். தயிர் பட்டதுமே பொங்கத் தொடங்கிவிடும். ஆகையால் அடுப்பைச் சூடாக்கி, தட்டுக்கு பட்டர் பூசி வைத்த பிறகே தயிரை ஊற்றவேண்டும். கலந்து வைத்துவிட்டு விறகு தேடப் போனால் காற்றெல்லாம் போய் கேக் தட்டையாகிவிடும்.

சோடா இல்லாமல் பவுடர் மட்டும் இருந்தால் அப்பத்துக்கும் போடலாம். ஆனால் அதிலேயே புளிப்பு இருப்பதால் மாவின் புளிப்பு குறையாது.

இன்னொன்று. நம் மலைப்பக்கத்து மூடுபனியில் பேக்கிங் பவுடர் சீக்கிரம் கெட்டுவிடும். ஈரம் பட்டால் உள்ளே இருக்கும் சோடாவும் புளிப்பும் டின்னுக்குள்ளேயே வேலை செய்து முடித்துவிடும். மூடியை இறுக்கி, கேத்தல் ஆவி படாத இடத்தில் வையுங்கள். ஈரக் கரண்டியை விடாதீர்கள்.

கேக் செய்யும் முன் சோதித்துப் பாருங்கள். அரைத் தேக்கரண்டி பவுடரில் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றினால் சரசரவென்று பொங்கவேண்டும். சோடாவுக்கு சுடுதண்ணீருக்குப் பதில் வினாகிரி சில துளி விடுங்கள். பொங்காவிட்டால் முட்டையை உடைக்காதீர்கள். முதலில் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வாருங்கள்.